‘பிறகு பார்க்கலாம்’ என்ற பதிலை எப்படி எடுத்துக்கொள்வது?

வணக்கம். பேரணாம்பட்டில் வெல்டிங் வேலைக்கான தோல் கையுறை தைக்கும் நான், ராணிப்பேட்டை சிப்காட்டில் இரண்டு தொழிற்கூடங்களுக்கு மாதிரிகளும் விலைப்பட்டியலும் கொடுத்தேன். இரண்டிலிருந்தும் ‘பிறகு பார்க்கலாம்’ என்றே பதில் வந்தது. முதலாமவர், கையிருப்பு தீர மார்ச் ஆகும் என்று சொல்லி, 100 ஜோடி எடுத்தால் விலை குறையுமா என்றும் கேட்டார். காரணமும் காலமும் சொன்னவர் என்பதால், பிப்ரவரி இறுதிவரை அவரைத் தொந்தரவு செய்யப்போவதில்லை.

குழப்பம் இரண்டாமவரிடம்தான். அவர் எதையும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து நேரில் போனபோது, மாதிரிகள் கட்டிய நூல்கூட அவிழாமல் மேசையடியில் கிடந்தன. (முகத்துக்கு நேரே வேண்டாமென்று சொல்ல நம் பக்கம் யாருக்கும் மனம் வராது.) ‘வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள், மாதிரியை எடுத்துக்கொள்கிறேன்’ என்று ஒருமுறை எழுதி, ஒரு வாரம் பதில் வராவிட்டால் விட்டுவிடலாமா, அல்லது கையுறையை அணியப்போகும் வெல்டர்களின் மேற்பார்வையாளரை அணுகுவது முறையாகுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.