அனுமதிக் கடிதத்துக்குச் சொல் வேண்டும், வெள்ளிக்குள்

மலர்விழி:
அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலை மகளிர் குழு வகுப்பில் வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தை வரிவரியாக வாசிக்கப் போகிறோம். வெள்ளி மாலை கைத்தாள் அச்சுக்குப் போக வேண்டும். குழுவில் ஓர் அம்மா தன் வீட்டுக்கடன் கடிதத்தையே தந்திருக்கிறார். கடன் 18 லட்சம். முதல் 36 மாதம் 8.4 சதவீதம், மாறாது. 37ஆம் மாதத்திலிருந்து, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியோடு சேர்ந்து ஏறி இறங்கும். பிராசசிங் ஃபீஸ் அரை சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும். மாறாத காலத்துக்குள் முன்கூட்டிக் கட்டினால், கட்டும் தொகையில் 2 சதவீதம் பிடிப்பார்கள், அதன்பின் எதுவுமில்லை.
இதில் மூன்றுக்குச் சொல் கேட்கிறேன்: முதலில் நின்று பிறகு மாறும் இந்த வட்டி, பிராசசிங் ஃபீஸ், ப்ரீபேமென்ட் பெனால்டி.

கதிரவன்:
நிலையாக இருப்பது நிலைவட்டி, ஏறி இறங்குவது மாறுவட்டி. மாறுவட்டி வினைத்தொகை, மாறிய, மாறுகின்ற, மாறும் என்று மூன்று காலத்தையும் தன்னுள் வைத்திருக்கிறது. ரெப்போ வட்டிக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. சிலர் எழுதும் ‘மிதவை வட்டி’ வேண்டாம், மிதவை ஆற்றில் போவது. இரண்டும் சேர்ந்ததை ‘நிலைமாறு வட்டி’ எனலாம்.

தமிழ்ச்செல்வன்:
‘வட்டி’யே வடமொழி விருத்தியிலிருந்து வந்தது என்கிறார்கள், அதைத் தாங்கிக்கொண்டு கலைச்சொல் ஆக்குவதா? நம் கல்வெட்டுச் சொல் பொலிசை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்று வருகிறது, அதாவது பன்னிரண்டரை சதவீதம். பொலி என்றால் பெருகுதல். களத்தில் தூற்றிய நெல்லுக்கும் பொலி என்றுதான் பெயர். ஆகவே நிலைப்பொலிசை, மாறுபொலிசை.

மலர்விழி:
ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை வருகிறவர்கள் வாரவட்டி, மீட்டர் வட்டி எல்லாம் பட்டவர்கள். வட்டி என்றால் அவர்களுக்கு வயிறு கலங்கும். பொலிசை என்றால் என்னைப் பார்ப்பார்கள்.

பிரபு (பெங்களூரு):
பெனால்டிக்குச் சொல்லே தேவையில்லையே! மாறும் வட்டி உள்ள வீட்டுக்கடனுக்கு அதை வாங்கக் கூடாதென்று 2012இலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. இந்தக் கடிதம் செல்லாது என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்.

கோதண்டராமன்:
பிரபு தம்பி, 2012 சரி. ஆனால் முடிவை அவசரப்பட்டுச் சொல்லிவிட்டீர்கள். நான் கடன் பிரிவில் 31 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். விலக்கு மாறும் வட்டிக்குத்தான். இரண்டும் கலந்த கடனில், பணம் கட்டும் அன்று எந்த வட்டி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் அனுமதித்த கடன்களுக்கான ரிசர்வ் வங்கி ஆணையிலும் அப்படித்தான் இருக்கிறது. இந்த அம்மா 20ஆம் மாதத்தில் கட்டினால் அன்று ஓடுவது நிலைவட்டி, 2 சதவீதம் பிடிக்கலாம். 37ஆம் மாதத்தில் கட்டினால் பிடிக்க முடியாது. அதனால் சொல்லில் முன்பாதி நிலை, பின்பாதி மாறு என்ற வரிசை தெரியவேண்டும். ‘நிலைமாறு’ என்றால் புழு பூச்சியாவதுபோல் நிலையே மாறிவிட்டது என்று படும்.

கதிரவன்:
ஏற்கிறேன். அப்படியானால் ‘நின்றுமாறு வட்டி’. நின்று என்ற எச்சம் முதலில், மாறு பிறகு.

சுமதி:
என் மாமியார் நகையை வைத்தபோதும் தாளில் ஏதோ கட்டணம் என்று போட்டார்கள். கடைசியில் நகை மூழ்கியே போனது. அகராதியில் ‘ஃபோர்குளோஷர்’ என்பதற்கும் அதே பொருள்தான் பார்த்தேன். ஆகவே ப்ரீபேமென்ட் பெனால்டிக்கு ‘மூழ்கு கட்டணம்’?

கோதண்டராமன்:
அம்மா, உங்கள் வீட்டு நகை போனதற்கு வருந்துகிறேன். அகராதி சொல்வது, தவணை கட்டாததால் அடமானப் பொருளைப் பிடிப்பது. நம் வங்கிக் கடிதங்களில் அதே சொல் வந்தால், கடனாளியே முன்கூட்டிக் கடனை முடிப்பது. ஒன்றுக்கொன்று நேர்எதிர். கைத்தாளில் ‘மூழ்கு’ என்று வந்தால், பணம் கையில் இருப்பவர்களும் கட்டப் பயந்துவிடுவார்கள்.

மலர்விழி:
மக்கள் சொல்வது ‘கடனை அடைத்தேன்’. அடைப்பை வைத்துக்கொண்டால், கொஞ்சம் கட்டுவது பகுதி அடைப்பு, மொத்தமும் கட்டுவது முழு அடைப்பு... அங்கேதான் இடிக்கிறது. முழு அடைப்பு என்றால் கடை திறக்காது, பேருந்து ஓடாது.

கதிரவன்:
அப்படியானால் ‘முன்தீர்வு’. கடன் தீர்ப்பது வழக்கில் உள்ள சொல்தானே. பகுதி முன்தீர்வு, முழு முன்தீர்வு.

தமிழ்ச்செல்வன்:
அதன்பின் வருவது தண்டமா, அபராதமா? தண்டம் போடுங்கள், அபராதம் வடமொழி.

கோதண்டராமன்:
தண்டமும் வடமொழிதான் ஐயா. எனக்கு இரண்டுமே வேண்டாம். தவறு செய்தவரிடம் வாங்குவது அபராதம். கடனை முன்னதாகத் தீர்ப்பவர் என்ன தவறு செய்தார்? தவணை தவறினால் பிடிப்பது அதே கடிதத்தில் வேறொரு பத்தியில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் அந்த அம்மா குழம்புவார். ‘முன்தீர்வுக் கட்டணம்’ போதும்.
இன்னொன்று. கட்டணம் என்று பார்த்ததும் பயந்து காத்திருக்கவும் கூடாது. அவர் 20ஆம் மாதத்தில் 5 லட்சம் கட்டுகிறார் என்று வையுங்கள். கட்டணம் 10,000 ரூபாய். அந்த 5 லட்சத்துக்கு 8.4 சதவீதத்தில் மாதம் 3,500 ரூபாய் வட்டி ஓடுகிறது. மூன்று மாத வட்டியே 10,500. நிலைக்காலம் முடிய ஒன்றிரண்டு மாதமே இருந்தால் பொறுக்கலாம். அதற்குமேல் இருந்தால், பணத்தைச் சும்மா வைத்துக்கொண்டு காத்திருப்பதைவிடக் கட்டணத்தைக் கொடுத்துத் தீர்ப்பதே மிச்சம். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்.

மலர்விழி:
நன்றி ஐயா. இந்தக் கணக்கை அந்த அம்மாவிடம் யாரும் சொன்னதில்லை. காணி விற்ற பணம் வரப்போகிறது, அவருக்கு இது உடனே வேண்டும். பிராசசிங் ஃபீஸ்? வங்கிகள் ‘செயலாக்கக் கட்டணம்’ என்று போடுகின்றன.

பிரபு:
அதையே வைத்துக்கொள்ளலாமே. வங்கிப் பலகையில் பார்த்ததையே கைத்தாளிலும் பார்க்கட்டும்.

கோதண்டராமன்:
என் ஓட்டு ‘பரிசீலனைக் கட்டணம்’. விண்ணப்பத்தைப் பார்த்ததற்கான கூலி அது. 18 லட்சத்தில் அரை சதவீதம் 9,000, ஜிஎஸ்டி 1,620, ஆக 10,620 ரூபாய். பல வங்கிகளில், கடன் வேண்டாம் என்று நாம் பின்வாங்கினாலும் இது திரும்பாது. பரிசீலனை என்றால் அது ஏன் என்று உடனே விளங்கும். செயலாக்கம் என்றால் ஏதோ இயந்திரம் ஓடியது போலிருக்கும்.
இதற்கெல்லாம் முன் ஒன்று கேட்கச் சொல்லுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் எதுவானாலும் வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய முக்கிய விவரத் தாளை வங்கி தரவேண்டும், அதுவும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில். அதில் இல்லாத கட்டணத்தை, அவர் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் பிறகு வாங்க முடியாது. தமிழில் கொடுங்கள் என்று கேட்கலாம்.

தமிழ்ச்செல்வன்:
அப்படித் தருகிற தமிழையாவது நாம் ஆக்கித் தரவேண்டாமா? பரிசீலனையும் வடமொழி. ‘ஆய்வுக் கட்டணம்’ என்று ஏன் எழுதக்கூடாது?

கதிரவன்:
ஆய்வு என்றால் ரத்தப் பரிசோதனைக் கூடம் நினைவுக்கு வரும்.

மலர்விழி:
வெள்ளி மதியம் ஆகிவிட்டது, அச்சகத்தில் காத்திருக்கிறார்கள். நிலைவட்டி, மாறுவட்டி, முன்தீர்வுக் கட்டணம் மூன்றும் போகின்றன. நின்றுமாறு வட்டிக்கு மூவர் சம்மதம். ஆனால் அதைச் சொல்லாக மட்டும் போடாமல் ‘36 மாதம் நிற்கும், பிறகு மாறும்’ என்று கீழே ஒரு வரியும் சேர்த்துவிட்டேன். பிராசசிங் ஃபீஸுக்குப் பரிசீலனைக் கட்டணம். வங்கித் தாளில் செயலாக்கக் கட்டணம் என்றிருக்கும் என்ற குறிப்போடு.

தமிழ்ச்செல்வன்:
பொலிசைக்கு என் ஒரு வாக்கு பதிவாகட்டும். அடுத்த கைத்தாளில் மீண்டும் கேட்பேன்.

சுமதி:
சனிக்கிழமை நானும் வரலாமா? எங்கள் நகைக்கடன் தாள் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.