கலைச்சொல் தேவை: வெளியிடுமுன் நண்பரை உட்காரவைத்துப் பார்ப்பது

கலைவாணி:
நண்பர்களுக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்காக வலைத்தள வடிவமைப்புப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். தளத்தை வெளியிடுமுன் தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, எங்கே திணறுகிறார் என்று பக்கத்தில் இருந்து பார்ப்போமே, அதற்குச் சொல் வேண்டும். 'பயனர் சோதனை' என்று எழுதியிருந்தேன். "அப்ப பரீட்சை யாருக்கு மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான்.

நசீமா:
நானும் இதைச் செய்திருக்கிறேன். எங்கள் தையல் கடைத் தளத்தின் சுட்டியை வாட்ஸப்பில் நாற்பது பேருக்கு அனுப்பினேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். 'கருத்துக் கேட்பு' என்றே வைக்கலாமே?

ஜெரால்டு:
நசீமா அக்கா, அது வேறு. கருத்துக் கேட்டால் நண்பர்கள் நம் மனம் நோகாமல்தான் பேசுவார்கள். இங்கே அவர்கள் விரலைத்தான் பார்க்கவேண்டும்.

நான் செய்த கருப்பட்டி விற்பனைத் தளத்தையே சொல்கிறேன். சித்தியிடம் போனைக் கொடுத்து, "ஒரு கிலோ வீட்டுக்கு வருகிற மாதிரி செய்யுங்கள்" என்றேன். 'கூடையில் சேர்' என்று நான் சொல்லவில்லை. பொத்தானில் உள்ள சொல்லை நாமே சொல்லிவிட்டால், அதைத் தேடி அழுத்திவிடுவார்கள். சித்தி கண்டுபிடித்து அழுத்தினார். கூடையின் எண்ணிக்கை பக்கத்தின் உச்சியில் மாறியது. ஆனால் அவர் கீழே நகர்த்தியிருந்ததால் அது திரையில் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு முறை அழுத்தினார். பணம் கட்டும் பக்கத்தில் மூன்று கிலோ. "இதை அழுத்தவா?" என்று கேட்டபோது, "நான் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கடினம். அன்றிரவே, அழுத்தியதும் பொத்தானே 'சேர்ந்தது' என்று மாறும்படி செய்தேன்.

முருகேசன்:
தமிழில் சொல் இருக்கிறதே: வெள்ளோட்டம். புதுத் தேரைத் திருவிழாவுக்கு முன் சாமி இல்லாமல் இழுத்துப் பார்ப்பது. இங்கே 'வெள்' என்பது நிறம் அல்ல, வெறுமை. 'வெண்மை எனப்படுவது யாதெனின்' என்ற குறளில் வள்ளுவர் அறிவின்மையை வெண்மை என்கிறார். வெள்ளறிவு என்பதும் அந்த வழிதான். வெண்பாவின் வெண்மையையும் இதோடு வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம், அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

பாரதி:
வெள்ளோட்டம் தளம் முழுவதையும் ஓட்டிப் பார்ப்பது ஐயா. இதில் ஓடுவது ஆள். 'இடறல் நோட்டம்' என்பேன். நாணயத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொன்னவர் நோட்டக்காரர். அப்புறம், ஐந்து பேர் போதும், 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்றும் பாடத்தில் சேருங்கள்.

ஜெரால்டு:
பாரதி, அந்த ஐந்து பேர் கணக்கு வலைத்தளப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2000இல் எழுதியது. ஓர் ஆள் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களைக் காட்டுவார் என்று வைத்துப் போட்டது. எல்லாத் தளத்துக்கும் அந்த 31 பொருந்தாது. வாங்குபவரும் விற்பவரும் வேறு வேறு ஆட்கள் என்றால், இரு சாராரையும் தனித்தனியே உட்காரவைக்கவேண்டும். பதினைந்து பேர் கிடைத்தாலும் ஒரே மூச்சில் முடிக்காமல் ஐந்து ஐந்தாகப் பிரித்து, நடுவில் திருத்துங்கள் என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியம். முதல் இடறலைத் தாண்டினால்தான் அடுத்தது தெரியும்.

சொல்லில் நான் முருகேசன் ஐயா பக்கம். தேர் வெள்ளோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் ஊர்மக்கள். செய்த ஆசாரி இழுப்பதில்லை, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு கூடவே நடக்கிறார். தெருமுனையில் எங்கே சாய்கிறது, எங்கே முட்டுக்கட்டை போடவேண்டியிருக்கிறது என்பதுதான் அவருக்குத் தேவை.

நசீமா:
'நோட்டம் விடுவது' என்றால் எங்கள் ஊரில் திருடன் செய்வது. வீட்டுக்கு வந்த தோழியிடம் அதைச் சொல்லமுடியாது. வெள்ளோட்டம் சரி. ஜெரால்டு தம்பி, நாற்பது பேரில் ஒருவரும் ஆர்டர் போடவில்லை. இந்த ஞாயிறு நாத்தனார் வருகிறார், உட்காரவைத்துப் பார்க்கிறேன்.

பாரதி:
திரைப்பட முன்னோட்டத்தையும் புதுப் பேருந்தையும் கூட வெள்ளோட்டம் என்கிறார்கள். பக்கத்தில் இருந்து பார்க்கிற பொருள் அதில் கரைந்துவிடும். நான் உடன்படவில்லை.

கலைவாணி:
நேரம் இல்லை. 'பயனர் வெள்ளோட்டம்' என்று போடுகிறேன். பாரதி, உங்கள் சொல்லையும் விடவில்லை. மாணவர்கள் நிரப்பும் தாளில் மூன்று கட்டங்கள்: கொடுத்த வேலை, இடறிய இடம், அப்போது அவர் சொன்ன சொல். 'ஏன் இடறினார்' என்ற கட்டம் முதலில் இருந்தது, எடுத்துவிட்டேன். அது இருந்தால் பார்க்குமுன்பே காரணம் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

முருகேசன்:
நன்று. பயனர் என்ற சொல்லிலும் எனக்கு ஓர் ஐயம் உண்டு.