மூன்றாம் ஆண்டு வரலாறு குழு: அசைன்மென்ட் தேதி

சனி, காலை 9:10

மேடம்: எல்லோருக்கும் வணக்கம். வேலூர்ப் புரட்சி அசைன்மென்ட்டுக்கு நேற்றுதான் கடைசி நாள். குடியாத்தம், பள்ளிகொண்டா பக்கம் நேற்று முழுக்கக் கரண்ட் இல்லை என்று பலர் போன் செய்தீர்கள். அதனால் செவ்வாய் இரவு 11:59 வரை நீட்டித்திருக்கிறேன், கூகுள் கிளாஸ்ரூமிலும் தேதியை மாற்றிவிட்டேன். இது எல்லோருக்கும்தான், தனியாக லெட்டர் எழுத வேண்டாம்.

செவ்வாய்க்கு அப்புறம் போட்டால், பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் மொத்த மதிப்பெண்ணில் 10 சதவீதம் குறையும். வெள்ளி இரவு 11:59க்கு மேல் வாங்க மாட்டேன்.

கார்த்தி: ரொம்ப நன்றி மேடம். அப்போ திங்கட்கிழமை இன்டர்னல் டெஸ்ட்டும் தள்ளிப் போகிறதா?

மேடம்: இல்லை கார்த்தி. டெஸ்ட் திங்கட்கிழமையேதான். நான் சொன்னது அசைன்மென்ட் மட்டும்.

திவ்யா: டேய் கார்த்தி, முழுசாகப் படித்துவிட்டுக் கேள். 10 சதவீதம் என்றால் நாம் எடுக்கும் மார்க்கில் குறைப்பார்கள். 15 எடுத்தால் ஒரு நாளுக்கு ஒன்றரை, இரண்டு நாளுக்கு 3. மீதி 12 வரும்.

மேடம்: திவ்யா, நாளைப் பெருக்கியது சரி, ஆனால் எதில் குறைப்பது என்பது வேறு. அசைன்மென்ட் 20 மதிப்பெண், அதில் 10 சதவீதம் 2. நன்றாக எழுதினாலும் சுமாராக எழுதினாலும் ஒரு நாளுக்கு 2 தான் போகும். வியாழக்கிழமை போட்டு 15 எடுத்தால் 15இல் 4 கழித்து 11. இன்னொன்று, செவ்வாய் நள்ளிரவு தாண்டி பத்து நிமிஷம் ஆனாலும் அது புதன்தான், 2 போகும். பிந்திய நாளைப் புதனிலிருந்துதான் எண்ணுவேன், நேற்றைய வெள்ளியிலிருந்து இல்லை.

சந்தியா: மேடம், நான் வியாழக்கிழமையே போட்டுவிட்டேன். இப்போது பார்த்தால் முதல் பக்கத்தில் ஜூலை 10, 1860 என்று எழுதியிருக்கிறேன். 1806 என்று மாற்றலாமா?

மேடம்: தாராளமாக மாற்றலாம் சந்தியா, தேதிதான் தள்ளிப் போயிருக்கிறதே. ஆனால் ஒன்றைக் கவனமாகப் படி. மாற்றுவதற்கு Unsubmit அழுத்துவாய். அழுத்திய நொடியே நீ எதையும் கொடுக்காதவள் மாதிரி ஆகிவிடும். புதுப் பிடிஎஃப்பை இணைத்தால் மட்டும் போதாது, Turn in என்பதைத் திரும்ப அழுத்த வேண்டும். போன வருடம் ஒரு பிள்ளை திருத்திய ஃபைலை இணைத்துவிட்டு அப்படியே போனைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு Missing என்றுதான் வந்தது. அவளுக்கு ஃபைல் கண்ணெதிரே தெரிந்ததால் போட்டாயிற்று என்றே நினைத்திருந்தாள்.

திவ்யா: அப்போ செவ்வாய்க்கு முன்னாடி ஒரு தடவை போட்டுவிட்டால், புதன்கிழமை திருத்தினாலும் பழைய நேரம்தானே நிற்கும் மேடம்?

மேடம்: நிற்காது. கடைசியாக எப்போது Turn in அழுத்தினீர்களோ அதைத்தான் கிளாஸ்ரூம் எடுத்துக்கொள்ளும். முன்பே கொடுத்திருந்தாலும் சரி, கெடு தாண்டித் திரும்பக் கொடுத்தால் Done late என்றே வரும், 2 குறையும். அதனால் செவ்வாய்க்கு அப்புறம் சின்னப் பிழை கண்ணில் பட்டால் Unsubmit பக்கமே போகாதீர்கள். அங்கேயே Private comment-இல் "பக்கம் 1, வரி 4, 1806 என்று படிக்கவும்" என்று எழுதிவிடுங்கள், திருத்தும்போது பார்த்துக்கொள்வேன். ஒரு பக்கமே விட்டுப்போயிருந்தால் மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். 2 மார்க் போனாலும் அதுதான் லாபம்.

கார்த்தி: நான் கூகுள் டாக்ஸில் எழுதினேன். லிங்கை காப்பி பண்ணிப் போட்டிருக்கிறேன், அது போதுமா மேடம்?

மேடம்: உன்னுடையதைத் திறந்தால் Request access என்று நிற்கிறது கார்த்தி. உள்ளே என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அதைப் பிடிஎஃப் ஆக்கி, Your work பகுதியில் இணைத்துவிடு. லிங்க் போட்டுவிட்டுக் கெடுவுக்கு அப்புறமும் எழுதிக்கொண்டே இருக்கலாம் என்பதால் இந்தத் தடவை லிங்க் வாங்கப்போவதில்லை.

அஸ்லம்: மேடம், அத்தாவை புதன்கிழமை ஆம்பூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்தான் கூட இருக்கிறேன். செவ்வாய்க்குள் முடியுமா தெரியவில்லை. கில்லஸ்பி ஆற்காட்டிலிருந்து படையோடு வந்த பகுதி வரைக்கும்தான் எழுதியிருக்கிறேன்.

மேடம்: அத்தா எப்படி இருக்கிறார் அஸ்லம்? முதலில் அவரைப் பார்.

மருத்துவக் காரணத்துக்கு மார்க் குறைக்காமல் வாங்கலாம். ஆனால் அது மாணவருக்கே உடம்பு சரியில்லை என்றால்தான் என்று விதியில் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு என்றால் நானாக முடிவு செய்ய முடியாது, துறைத்தலைவரிடம் கேட்க வேண்டும். என்ன சொல்வார் என்று இப்போதே உறுதி தர மாட்டேன். திங்கட்கிழமை டெஸ்ட் பற்றியும் சேர்த்துக் கேட்கிறேன். அதற்குள் எழுதினவரைக்கும் போட்டு Turn in செய்துவிடு, பாதி இருந்தாலும் திருத்த ஏதாவது இருக்கும்.

அஸ்லம்: இப்போது பரவாயில்லை மேடம், வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அட்மிஷன் சீட்டைப் படம் எடுத்து உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

சந்தியா: அஸ்லம், திங்கட்கிழமை டெஸ்ட்டுக்கான நோட்ஸை இன்றைக்கே ஸ்கேன் பண்ணி அனுப்புகிறேன்.