ஜெர்மனி ஆர்டர் 21 நாள் தாமதம்: விமானச் செலவில் பாதிப் பாதியா?

நாச்சியார்கோவில் பட்டறை:
குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கிறோம். ஹாம்பர்க் பையருக்கு 600 விளக்கு, எஃப்ஓபி தூத்துக்குடி, எல்சிஎல்லாக, அதாவது மற்றவர்கள் சரக்கோடு ஒரே கன்டெய்னரைப் பங்கு போட்டுக் கப்பலில் போக வேண்டியது. சொன்ன தேதியிலிருந்து 21 நாள் தள்ளிவிட்டது. சாம்பிளுக்கு 5 நாளில் ஓகே தருவதாக ஒப்பந்தம், அவர் தந்தது 14ஆம் நாள். மீதி 12 நாள் எங்கள் பக்கம், வார்ப்பு கெட்டுப்போனதால். இப்போது 200 விளக்கையாவது விமானத்தில் அனுப்பு, கடை திறப்புக்கு வேண்டும் என்கிறார். சென்னை வரை வண்டி, சுங்க வேலை எல்லாம் சேர்த்து கிலோ 290 ரூபாய் என்று கொட்டேஷன். செலவை எப்படிப் பிரித்துக் கேட்பது?

திருவையாறு வியாபாரி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஏர் பில் எவ்வளவோ அதில் பாதி நீங்கள், பாதி அவர். முப்பது வருஷமாக எல்லோரும் செய்வது இதுதான். நியாயமும் இதுதான்.

அரசலாற்றங்கரை:
இதைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது. ஏர் பில்லை அப்படியே வெட்டினால் அது எப்படி நியாயம்? எஃப்ஓபி என்றால் கப்பல் கூலி பையர் கணக்கு. அந்த 200 விளக்கு கப்பலில் போயிருந்தால் அவர் கட்டியிருக்க வேண்டிய பணம் இப்போது அவர் பையில் மிச்சம். முதலில் அதைக் கழிக்க வேண்டும். கழித்த பிறகு நிற்பதுதான் கூடுதல் செலவு. பிரிக்க வேண்டியது கூடுதலை மட்டும்.

தம்பி, 200 விளக்கின் மொத்த எடை பெட்டியோடு எவ்வளவு? எத்தனை கன மீட்டர்?

நாச்சியார்கோவில் பட்டறை:
கழற்றி அடுக்கினால் 1.6 கன மீட்டர். மரப்பெட்டியில் 700 கிலோ. அட்டைப்பெட்டி என்றால் 640. அந்த அளவுக்குக் கப்பலில், அங்கே இறக்குகிற செலவோடு, 15,500 ரூபாய் என்று ஃபார்வர்டர் சொன்னார்.

மன்னார்குடி நெல்லுமண்டி:
ஜாக்கிரதை! சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கைக்கு இரண்டு விளக்கு கூரியரில் அனுப்பினேன். எடை ஏழு கிலோ, ஆனால் பெட்டியின் நீளம் அகலம் உயரத்தைப் பெருக்கி 5000 ஆல் வகுத்துப் பதினோரு கிலோவுக்குப் பணம் வாங்கிவிட்டார்கள். இன்னும் வயிறு எரிகிறது. உங்களுக்கும் அதுதான் நடக்கும்.

அரசலாற்றங்கரை:
கூரியருக்கு 5000. விமானச் சரக்குக்கு 6000, அதாவது ஒரு கன மீட்டருக்கு 167 கிலோ. 1.6 கன மீட்டருக்கு 267 கிலோதான் வருகிறது. பித்தளை உண்மையில் 640 கிலோ. எது அதிகமோ அதற்குத்தான் கூலி, அதனால் இங்கே எடைதான் பேசும். மரப்பெட்டியை விட்டு அட்டைக்கு மாறினாலே 60 கிலோ, 17,400 ரூபாய் குறைகிறது. பாலிஷ் உரசாமல் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகச் சுற்றுங்கள், பிரபை வளையாமல் தட்டையாக வையுங்கள். அது போதும்.

இப்போது கணக்கு. 640 கிலோ, 290 ரூபாய், ஆக 1,85,600. அதில் கப்பல் கூலி 15,500 கழித்தால் 1,70,100. தாமதம் 21 நாளில் அவர் 9, நீங்கள் 12. ஏழில் மூன்று பங்கு அவருக்கு, நான்கு பங்கு உங்களுக்கு. அவர் 72,900, நீங்கள் 97,200. மிச்சமான 15,500 அவர் தலையில். ஆக அவர் கட்டுவது 88,400.

திருவையாறு வியாபாரி:
ஆகா, என்ன கணக்கு! நான் சொன்னபடி பாதிப் பாதி என்றால் தம்பிக்கு 92,800. ஐயா பெரிய கணக்குப் போட்டு 97,200 ஆக்கிவிட்டார். நாலாயிரத்து நானூறு ரூபாய் நஷ்டம் பண்ணிக்கொடுத்ததற்கு நன்றி.

அரசலாற்றங்கரை:
நாலாயிரத்துக்காகவா இவ்வளவு எழுதுகிறேன்? பாதிப் பாதியே வேண்டுமென்றாலும் கழித்த பிறகு பாதி என்று கேளுங்கள். 85,050 தான் வரும். கழிக்காமல் கேட்டால் 7,750 ரூபாயைப் பையருக்குச் சும்மா கொடுக்கிறீர்கள். நாள் கணக்கில் இவர் பங்கு கூடுகிறது என்றால், இவர் பக்கம் தாமதம் கூட இருக்கிறது என்று அர்த்தம். அதை மறைத்து என்ன பயன்? பையரிடமும் தேதி போட்ட மெயில் எல்லாம் இருக்கிறது.

பேராவூரணி கயிறு:
கழி, கழி என்று ஐயா சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் தென்னைநார் பொருள் அனுப்புகிறவன். போன வருஷம் 40 அடி கன்டெய்னரிலிருந்து கொஞ்சத்தை எடுத்து விமானத்தில் அனுப்பினேன். கப்பல் கூலி ஒரு பைசா குறைந்ததா? இல்லை. கன்டெய்னர் நிறைந்து போனாலும் குறைந்து போனாலும் அதே வாடகை. பையருக்கு மிச்சமே இல்லாதபோது எதைக் கழிப்பது? இதே ஐயா அன்றைக்கும் இங்கே கழிக்கச் சொன்னார். நானும் கேட்டுத் தொலைத்தேன். பையர் காறித் துப்பாத குறை. அந்த வியாபாரமே போயிற்று.

அரசலாற்றங்கரை:
முழு கன்டெய்னர் என்று நீங்கள் அன்றைக்குச் சொல்லவே இல்லை. எல்சிஎல்லில் கன மீட்டர் அல்லது டன், எது பெரிதோ அதற்குக் கூலி. சரக்கு குறைந்தால் கூலியும் குறையும். இந்தத் தம்பி முதல் வரியிலேயே எல்சிஎல் என்று எழுதியிருக்கிறார். அதனால் கழிக்க வேண்டும்.

பேராவூரணி கயிறு:
சொன்னேன். பழைய பதிவைத் தேடிப் பாருங்கள். சொன்னேன்.

திருவாரூர் டாக்குமெண்ட்:
நான் வங்கிக்குப் போகும் ஏற்றுமதிப் பேப்பர் வேலை பார்க்கிறேன். எல்லோரும் கூலியிலேயே நிற்கிறீர்கள். தம்பி, மீதிப் பணம் எப்படி வரும்? கப்பல் பில் ஆஃப் லேடிங் என்றால் அசல் பேப்பர் கையில் இருந்தால்தான் சரக்கு எடுக்க முடியும். ஏர்வே பில் அப்படி இல்லை. யார் பெயரில் போகிறதோ அவர் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். பணம் கட்டினால்தான் வங்கி பேப்பரைக் கொடுக்கும், அதாவது டிபி என்று நம்பி பையர் பெயரிலேயே போட்டால், 200 விளக்கு கடையில் இருக்கும், பணம் உங்களிடம் இருக்காது. எல்சி, அதாவது பையரின் வங்கி பணத்துக்குப் பொறுப்பேற்கும் கடிதம் என்றால் வேறு சிக்கல். பகுதி பகுதியாக அனுப்பக்கூடாது என்று எல்சியில் எழுதியிருக்கவில்லை என்றால், எல்சிக்கான உலக விதித்தொகுப்பான யுசிபி 600 இன் விதி 31 படி அனுப்பலாம். ஆனால் எல்சி பில் ஆஃப் லேடிங் கேட்டிருந்தால், திருத்தம் வாங்காமல் ஏர்வே பில் கொடுத்தால் வங்கி ஏற்காது.

நாச்சியார்கோவில் பட்டறை:
எல்சி இல்லை அக்கா. 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி டிபி. நான் பையர் பெயரிலேயே போட இருந்தேன்.

திருவாரூர் டாக்குமெண்ட்:
அந்த 200 விளக்குக்கான மீதியை முன்னாலேயே வாங்குங்கள். இல்லையென்றால் அவருடைய வங்கியைச் சரக்குப் பெறுபவராகப் போட முடியுமா என்று கேளுங்கள். வங்கியின் சம்மதம் எழுத்தில் வராமல் போடாதீர்கள்.

தஞ்சாவூர் மேலவீதி:
சென்னைக்கு எதற்கு ஓட வேண்டும்? திருச்சி விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. டெல்டாக்காரன் டெல்டா விமான நிலையத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்றால் எப்படி?

அரசலாற்றங்கரை:
திருச்சியிலிருந்து போனால் சிங்கப்பூரிலோ துபாயிலோ மாற்ற வேண்டும். சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு நேர் விமானம் இருக்கிறது. பித்தளைப் பெட்டியைப் பாதி வழியில் ஏற்றி இறக்குவதில் எனக்கு விருப்பமில்லை.

தஞ்சாவூர் மேலவீதி:
இப்படி எல்லோரும் சென்னை சென்னை என்றால் திருச்சி எப்படி வளரும்? கொட்டேஷனாவது வாங்கினீர்களா? வாங்காமலே பேசுகிறீர்கள்.

அரசலாற்றங்கரை:
திருச்சி வளர்ச்சிக்குத் தனிப் பதிவு போடுங்கள், வந்து பேசுகிறேன். தம்பி, வார்ப்பு கெட்டது எப்படி? அதை எழுதுங்கள். பையர் கேட்கப்போகிற கேள்வி அதுதான்.

நாச்சியார்கோவில் பட்டறை:
சாயங்கால மழை. ஆற்று வண்டல் மண்ணில்தான் அச்சு எடுக்கிறோம். மண்ணில் ஈரம் கூடிவிட்டது. ஊற்றினபோது ஆவி வெளியே போக வழியில்லாமல் விளக்குத் தண்டில் ஊசித் துளைகள். கடைசலில் போட்ட பிறகுதான் தெரிந்தது. எழுபதுக்கு மேல் உருக்கித் திரும்ப ஊற்றினோம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாம்பிளுக்காகக் காத்திருந்த அந்த 9 நாளில் 3 நாள் எங்களிடம் பித்தளையே வந்து சேரவில்லை. ஓகே வந்திருந்தாலும் ஊற்றியிருக்க முடியாது.

அரசலாற்றங்கரை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கக்கூடாதா? அப்படியென்றால் அந்த 3 நாளை அவர் கணக்கில் போட முடியாது. அவர் 6, நீங்கள் 15. அவர் பங்கு 48,600, உங்களுக்கு 1,21,500.

திருவையாறு வியாபாரி:
பார்த்துக்கொள்ளுங்கள்! 92,800 இல் ஆரம்பித்து 1,21,500 க்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு பதிவு ஓடினால் பட்டறையையே எழுதிக்கொடுக்கச் சொல்வார்.

பாபநாசம் மகன்:
அந்த 3 நாளை எதற்கு எடுக்க வேண்டும்? பையர் ஓகே சொல்லாதபோது எவன் பித்தளைக்குப் பணம் போடுவான்? ஓகே வந்திருந்தால் பித்தளையும் அவசரமாக வந்திருக்கும். முழு 9 நாளும் அவருடையதுதான்.

அரசலாற்றங்கரை:
பித்தளைக்கு எந்தத் தேதியில் ஆர்டர் கொடுத்தார் என்பதைப் பொறுத்தது. ஓகே வருவதற்கு முன்பே ஆர்டர் கொடுத்து அது தாமதமாக வந்திருந்தால் அது இவர் தாமதம். ஓகேவுக்காக ஆர்டரையே நிறுத்திவைத்திருந்தால் பாபநாசம் சொல்வது சரி. ஆனால் எப்படிப் பிரித்தாலும் முதலில் கப்பல் கூலியைக் கழிக்க வேண்டும்.

பேராவூரணி கயிறு:
திரும்பவும் ஆரம்பித்துவிட்டார்.

நாச்சியார்கோவில் பட்டறை:
பித்தளைக்கு முன்பணம் சாம்பிள் போன மறுநாளே கொடுத்துவிட்டேன். இன்று காலை பையருக்கு மெயில் போட்டேன். 200 விளக்கு தயார், படம் இணைத்திருக்கிறேன், மீதி 400 கப்பலில். விமானக் கொட்டேஷன், கப்பல் கொட்டேஷன் இரண்டையும் வைத்தேன். வித்தியாசம் 1,70,100, உங்கள் பங்கு 72,900, அதோடு கப்பலில் மிச்சமாகும் 15,500 உங்களுடையது என்று எழுதினேன். 200க்கான மீதிப் பணம் வந்த பிறகே சரக்கு ஏறும் என்றும் சொன்னேன். விமானக் கொட்டேஷன் மூன்று நாள்தான் செல்லும், அதற்குள் பதில் வேண்டும் என்றேன். அந்த 3 நாள் பித்தளை விஷயத்தை எழுதவில்லை. மனசு கேட்கவில்லை, ஆனால் எழுதவில்லை.

திருவாரூர் டாக்குமெண்ட்:
பணம் வந்த பிறகு ஏறும் என்று எழுதினீர்களே, அது நல்லது.

அரசலாற்றங்கரை:
கழித்து எழுதியது சரி. பித்தளையை மறைத்தது சரியில்லை. தேதியைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

திருவையாறு வியாபாரி:
கேட்கமாட்டார். பாதிப் பாதி என்று ஒரு வரியில் எழுதியிருந்தால் இந்நேரம் பதிலே வந்திருக்கும்.

தஞ்சாவூர் மேலவீதி:
திருச்சி கொட்டேஷன் வாங்கினீர்களா இல்லையா, அதை யாருமே சொல்லவில்லை.

அரசலாற்றங்கரை:
திருவையாற்றாரே, நீங்கள் முப்பது வருஷமாகக் கழிக்காமல் விட்ட பணம் எவ்வளவு என்று உங்கள் பழைய பில்களை எடுத்து ஒருநாள் கூட்டிப் பாருங்கள். எல்சிஎல் பில்களை மட்டும் எடுங்கள், இல்லையென்றால் பேராவூரணிக்காரர் மறுபடி வந்துவிடுவார்.

பேராவூரணி கயிறு:
இங்கேதான் இருக்கிறேன். அந்தப் பழைய பதிவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.