பில்லிங் டச் மானிட்டர்: பப்ஸைத் தொட்டால் பிரெட் ஏறுகிறது

கல்லாக்காரன்: சின்ன பேக்கரி. 15 இன்ச் டச் மானிட்டர், நாலு வருடம் ஆகிறது. ஒரு மாதமாக வலது பக்கம் எதைத் தொட்டாலும் அதற்கு இடப்பக்கம் இருப்பது அழுந்துகிறது. இடது ஓரத்தில் சரியாகத்தான் வருகிறது. மூன்று முறை கேலிபிரேட் செய்துவிட்டேன். காலையில் கூட்டம் நிற்கும்போது மவுஸைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வேலு: Tablet PC Settings-இல் முதலில் Reset, பிறகு Calibrate கொடுங்கள் சார். பழைய அளவு தங்கியிருந்தால் இப்படித்தான் தள்ளிப்போகும். எனக்குச் சரியானது.

மீனா_ஸ்டோர்: என் போனிலும் இதே தொல்லை, டெம்பர்ட் கிளாஸை எடுத்ததும் சரியாகிவிட்டது.

ராஜு_சர்வீஸ்: அக்கா, போன் கிளாஸ் வேறு. பில்லிங்கில் நிறைய இடத்தில் இருப்பது அழுத்தினால் வேலை செய்யும் பிலிம் ரகம். அண்ணே, நகத்தால் அழுத்தினாலும் வேலை செய்கிறதா? செய்தால் அதேதான். பெயின்ட்டைத் திறந்து, ஸ்கேல் வைத்து, மேலிருந்து கீழாக நாலைந்து கோடு போடுங்கள். எல்லாக் கோடும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் கேலிபிரேஷன் போதும், வேலு சொன்னது சரி. நடுவில் வளைந்தால் பிலிம் போய்விட்டது.

கல்லாக்காரன்: போட்டேன். இடப்பக்கக் கோடுகள் நேர். வலது பக்கக் கோடு மேலே நேராக வந்து, 'பிரிண்ட்' பட்டன் உயரத்தில் இடப்பக்கம் வயிறு தள்ளி, கீழே மறுபடி நேராகிறது. மேல் கீழ் தள்ளல் கொஞ்சமும் இல்லை.

ராஜு_சர்வீஸ்: பையன் பிரிண்டைப் பேனா முனையால் குத்துவானா? அங்கேதான் பிலிமின் உள்பூச்சு விரிசல் விட்டிருக்கும். நாலு கம்பி ரகத்தில் ஒரு தாள் இட வலத்தைப் பார்க்கும், இன்னொன்று மேல் கீழைப் பார்க்கும், அதனால்தான் ஒரு திசை மட்டும் கெட்டிருக்கிறது. கேலிபிரேஷன் சில புள்ளிகளைத்தான் கேட்கும், அவற்றுக்கு நடுவில் உள்ள வளைவு அதற்குத் தெரியாது.

வேலு: பிரேம் அழுத்தினாலும் இப்படி வருமே?

ராஜு_சர்வீஸ்: வரும். ஆனால் பிரேம் அழுத்தினால் விரலுக்கும் அந்த அழுத்தத்துக்கும் நடுவே பதியும், அதாவது ஓரத்தை நோக்கி இழுக்கும். இவருக்கு ஓரத்தை விட்டு விலகுகிறது. சந்தேகம் இருந்தால் பிரேம் ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்திப் பாருங்கள்.

கல்லாக்காரன்: தளர்த்தியும் மாற்றமில்லை. மானிட்டரையே மாற்றச் சொல்கிறார் இங்குள்ள மெக்கானிக். பேனா விஷயம் உண்மைதான், தொப்பியே அவன் மூடியதில்லை.

ராஜு_சர்வீஸ்: டச் கண்ணாடி மட்டும் மாற்றலாம். நீள அகலம், ரிப்பனில் எத்தனை கம்பி, ரிப்பன் எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்று மூன்றையும் குறித்துக்கொண்டு தேடுங்கள். அஞ்சு கம்பி வாங்கிவிடாதீர்கள், அது நல்ல ரகம்தான், ஆனால் உங்கள் போர்டு அதை ஏற்காது. அதுவரை பிரிண்ட் பட்டனை இடப்பக்கம் மாற்றி வையுங்கள்.

கல்லாக்காரன்: சாப்ட்வேரில் பட்டனை நகர்த்த முடியவில்லை. F9 அழுத்தினால் பிரிண்ட் ஆகிறது, இப்போதைக்கு அதை வைத்து ஓட்டுகிறேன். ரிப்பனில் கம்பியை எண்ணிவிட்டு எழுதுகிறேன்.