ஆஃபரை ஏற்கும்போது வீட்டிலிருந்து வேலை கேட்டவர்கள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

தரமணி எச்ஆர்

டெஸ்டிங்கில் ஏழு வருட அனுபவம் உள்ள பெண். கேட்டது இதுதான்: செவ்வாயும் வியாழனும் வீட்டிலிருந்து வேலை, மற்ற மூன்று நாளும் காலை 8 முதல் மாலை 5 வரை. டேகேர் ஆறு மணிக்கு மூடிவிடும். போனில் கேட்டார். ஆளெடுத்தவர் "ஓகேதாங்க மேடம், அந்த டீம்ல எல்லாருமே அப்படித்தான்" என்றார். லெட்டர் வந்தது, போர்ட்டலில் அக்செப்ட் அழுத்திவிட்டார்.

நாலாவது மாதம் மேனேஜர் மாறினார். ஸ்வைப் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஐந்து நாளும் வர வேண்டும் என்றார். "சேரும்போதே பேசியாச்சு சார்" என்று இவர் சொன்னதும், மேனேஜர் லேப்டாப்பை இவர் பக்கம் திருப்பினார். திரையில் இவர் கையெழுத்திட்ட லெட்டர். பணியிடம் சோழிங்கநல்லூர் அலுவலகம், வேலை நேரம் கம்பெனி விதிப்படி. கடைசிப் பக்கத்தில், இதற்கு முன் வாயால் பேசியது, எழுதியது எதுவும் இனி செல்லாது, இந்தக் கடிதம் மட்டுமே என்று ஒரு வரி. இவர் அந்த வரியில் விரலை வைத்து இரண்டு முறை படித்தார். வாக்குக் கொடுத்தவர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். அந்த அறையில் நானும் இருந்தேன், சொல்ல ஒன்றுமில்லை.

கோவை ராகம்

எழுத்தில் இல்லாவிட்டால் செல்லாது என்று நீங்களே முடிவு கட்டாதீங்க. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 படி வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். போன் ரெக்கார்டிங் இருந்தால் போதும், அந்த மேடம் கேட்டிருக்கலாம்.

லேபர் லா தஞ்சை

பாதி சரிங்க. வாய்மொழி ஒப்பந்தம் செல்லும், ஆனால் எழுத்தில் ஒன்றுமே இல்லாதபோதுதான் அதற்கு முழு பலம். நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்தும் போட்ட பிறகு, அந்த எழுத்துக்கு முரணாக வாய்ப்பேச்சைச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது என்பது பொது விதி. பழைய சாட்சியச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு அது. 2024 ஜூலை 1-இல் வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் "பணியிடம்: சோழிங்கநல்லூர்" என்று எழுதியிருக்கும்போது அவை எளிதில் பொருந்தாது. ரெக்கார்டிங்கை நம்பி யாரும் அக்செப்ட் அழுத்த வேண்டாம்.

லண்டன் தமிழன்

இங்கே இந்தப் பிரச்சினையே இல்லை. 2024 ஏப்ரல் 6 முதல், சேர்ந்த முதல் நாளே ஃப்ளெக்ஸிபிள் வொர்க்கிங் சட்டப்படி உரிமை. சேர்ந்ததும் ஒரு விண்ணப்பம் கொடுங்க, அவ்வளவுதான். ஆஃபர் சமயத்தில் எதற்கு வாயைத் திறக்கணும்?

லேபர் லா தஞ்சை

அங்கே இருப்பது கேட்கும் உரிமை, பெறும் உரிமை அல்ல. பன்னிரண்டு மாதத்தில் இரண்டு முறை கேட்கலாம், முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லணும், மறுப்பதற்கு முன் உங்களோடு பேசணும். ஆனாலும் சட்டம் சொல்லும் எட்டு வணிகக் காரணங்களில் ஒன்றைக் காட்டி மறுக்கலாம். இந்த இழை சென்னை ஆஃபர் பற்றியது. இங்கே தனியார் ஐடி வேலையில் அப்படி விண்ணப்பிக்கும் பொதுவான உரிமைகூட இல்லை.

மேகலா, போரூர்

எச்ஆர் ஆபரேஷன்ஸில் இருப்பவள். பார்த்த ஒரு காட்சி மட்டும் சொல்றேன். ஒரு டெவலப்பர், பழைய கம்பெனியில் ராஜினாமா மெயில் அனுப்பிய மறுநாள் இதே கோரிக்கையோடு வந்தார். ஆளெடுத்தவர் மெயிலைப் படித்துவிட்டு, "பேப்பர் போட்டாச்சுல்ல? அப்ப வந்துடுவாரு" என்று மூடிவிட்டார். பதிலே போகவில்லை.

அதனால் வரிசை முக்கியம். வாய்மொழி ஆஃபர் வந்த அன்றே, போர்ட்டலைத் தொடும் முன், உங்கள் சொந்த ஐடியிலிருந்து ஆளெடுத்தவருக்கு ஒரு மெயில். உங்களை இன்டர்வியூ செய்த மேனேஜர் கண்டிப்பாக காப்பியில் இருக்கணும், ஏனென்றால் ஒப்புக்கொள்ள வேண்டியவர் அவர்தான், எச்ஆர் தகவலை அனுப்பி வைப்பார், அவ்வளவே. "கொஞ்சம் ஃப்ளெக்ஸிபிளா இருந்தா நல்லது" என்று எழுதினால் வரும் பதிலும் அப்படியே வழவழவென்று இருக்கும். எந்த இரண்டு நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதுங்க. முதல் நாலு வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் வருகிறேன், வீட்டு நாட்களில் 11 முதல் 4 வரை மீட்டிங்குக்கு இருப்பேன் என்று நீங்களே சேர்த்துவிட்டால், மேனேஜர் தயங்கும் இரண்டு இடமும் அடைபட்டுவிடும்.

"நோட்டட்" என்று பதில் வந்தால் அது சம்மதம் இல்லை. "மேனேஜர் விருப்பப்படி" என்று வந்தாலும் அப்படித்தான், நாளைக்கு வரும் மேனேஜரின் விருப்பமும் அதில் அடங்கும். "லெட்டர் டெம்ப்ளேட், மாற்ற முடியாது" என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். அப்போது தனி இணைப்பாகவோ, லெட்டரின் தேதியையும் எண்ணையும் குறிப்பிட்டு, அதற்கு மாறாக இருந்தாலும் இது பொருந்தும் என்று ஒரு ஒப்புதல் மெயிலாகவோ கேளுங்க. மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு என்ற வரியையும் கேளுங்க, கொடுப்பவர்கள் உண்டு. போர்ட்டலில் ஆஃபர் காலாவதி ஆகப்போகிறது என்றால், ஏற்காமல் இரண்டு நாள் நீட்டிக்கச் சொல்லி மெயில் போடுங்க.

பதில் எழுத்தில் வந்த பிறகுதான் ராஜினாமா. 90 நாள் நோட்டீஸ் என்பதால் அவசரப்பட்டு முதலில் பேப்பர் போடுகிறார்கள். அங்கேதான் பிடி நழுவுது.

கோவை ராகம்

மேகலா மேடம், நீங்க சொல்றது சீனியர்களுக்கு. இரண்டு வருட அனுபவக்காரர் இவ்வளவு நிபந்தனை வைத்தால் ஆஃபரையே வாபஸ் வாங்கிடுவாங்க.

மேகலா, போரூர்

இன்டர்வியூ முடிந்து, சம்பளம் பேசி, அப்ரூவல் வாங்கிய ஒருவரை இதற்காக விடுவது அவர்களுக்கும் நஷ்டம். "முடியாது" என்று வருவது சகஜம், வாபஸ் அபூர்வம். ஃப்ரெஷருக்கு மட்டும் நீங்க சொல்வது பொருந்தும், அவங்களை மொத்தமாக எடுக்கிறாங்க.

டெலிவரி லீட், சிறுசேரி

எல்லாரும் எச்ஆர் பக்கமே பார்க்கிறீங்க. ஒரு பையனிடம் இணைப்பு, மேனேஜர் ஒப்புதல் எல்லாம் பக்காவாக இருந்தது. சேர்ந்து மூன்றாவது வாரம் ஒரு வெளிநாட்டு வங்கி ப்ராஜெக்ட்டில் போட்டார்கள். ஓடிசி, அதாவது அந்த கிளையன்ட் வேலைக்கென்றே ஒதுக்கிய தனி அறை, அதன் கதவில் போனை லாக்கரில் வைக்கச் சொன்னபோதுதான் புரிந்தது. அந்த அறைக்கு வெளியே அந்த நெட்வொர்க்கே கிடையாது. கிளையன்ட் ஒப்பந்தத்தில் ஓடிசியை விட்டு வெளியே வேலை செய்யக் கூடாது என்று இருந்தால், நம் கம்பெனி எழுதிக் கொடுத்தும் பயனில்லை.

கோரிக்கை வைக்கும் முன் மேனேஜரிடம் இரண்டு கேள்வி கேளுங்க: எந்த ப்ராஜெக்ட், அது ஓடிசியா? பதில் "பூல்ல இருப்பீங்க, சேர்ந்த பிறகு அலாட் ஆகும்" என்றால், வீட்டு நாள் பற்றிய எந்த வாக்கும் ப்ராஜெக்ட் கிடைக்கும்வரைதான். நாட்களை விட நேரம் கேட்பது அங்கே சுலபம். 8 முதல் 5 வரை ஓடிசிக்குள்ளும் நடக்கும், கிளையன்ட் கால் மாலையில் இல்லாத வரைக்கும்.

தரமணி எச்ஆர்

லீட் சார், அப்படி ஓடிசியில் போடும்போது, லெட்டர் இணைப்பில் இருக்கும் இரண்டு நாளைக் காட்டி வேறு ப்ராஜெக்ட் கேட்க முடியுமா?

டெலிவரி லீட், சிறுசேரி

கேட்கலாம். அந்தப் பையனும் கேட்டான். "ப்ராஜெக்ட் வரும்வரை பென்ச்" என்றார்கள். பென்ச் நீண்டால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், ஓடிசிக்கே போனான்.

லேபர் லா தஞ்சை

இணைப்பில் "ப்ராஜெக்ட் எதுவானாலும்" என்ற சொல் இருந்ததா, இல்லையா? அது தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.