கண்ணுக்குப் பின்னால் வலி, கையில் கிடைத்த வலி மாத்திரை: உங்களுக்கு நடந்தது?

வைகைக்கரை
போன ஐப்பசி மழையில் நடந்தது. வீட்டுக்காரருக்கு ஞாயிறு சாயங்காலம் 103 டிகிரி. கண்ணை உருட்டினாலே பின்னாலிருந்து யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி வலிக்கிறது என்றார். நான்தான் மருந்துக்கடைக்குப் போனேன். "உடம்பு வலியும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, மாத்திரைகளைக் கத்தரித்து மூன்று நாளைக்குக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை வலி தாங்காமல், பக்கத்துக் கிளினிக்கில் இடுப்பில் ஒரு ஊசி.

புதன் ராத்திரி காய்ச்சல் விட்டது. வியாழன் காலை ரசம் சோறு கேட்டுச் சாப்பிட்டார். மத்தியானம் கழிப்பறையிலிருந்து, "இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். மலம் தார் மாதிரி கறுப்பு. ஊசி போட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. பெரியாஸ்பத்திரியில் டெங்கு, பிளேட்லெட் 18,000 என்றார்கள். ஆறு நாள் கழித்துத்தான் வீடு திரும்பினோம்.

டாக்டர் "என்ன மாத்திரை கொடுத்தீங்க?" என்று கேட்டபோது கையில் பேர் எழுதாத கவர்தான் இருந்தது. மிச்சமிருந்த ஒரு மாத்திரையைப் பார்த்துத்தான் டைக்ளோஃபெனாக் என்று கண்டுபிடித்தார்கள். வாங்கி வந்தது நான். அது இன்னும் உறுத்துகிறது.

ரத்தப்பரிசோதனை
அக்கா, லேபில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். டெங்குவில் பிளேட்லெட் எண்ணிக்கை தானாகவே குறையும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென், ஆஸ்பிரின் எல்லாம் மிச்சமிருக்கிற பிளேட்லெட்டையும் வேலை செய்யவிடாது, இரைப்பையின் உள்தோலையும் புண்ணாக்கும். இரண்டும் சேர்ந்தால் நீங்கள் பார்த்த கறுப்பு மலம்தான். ரத்தம் உறையாத நேரத்தில் தசையில் ஊசி போட்டால் உள்ளேயே கசிந்து கன்றும்.

என்னைப் பதறவைப்பது வேறு. காய்ச்சல் விட்டதும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். நான்காம், ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்குகிற அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் பிளேட்லெட் எவ்வளவு என்று மட்டும் கேட்பார்கள், ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்று காட்டும் பிசிவியை யாரும் கேட்பதில்லை. ஒரு கல்லூரிப் பையனுக்கு முதல் நாள் பிசிவி 40, ஐந்தாம் நாள் 49. ரத்தம் கெட்டியாகிறது என்று அர்த்தம். "நல்லாத்தான் இருக்கேன், லேசா வயிறு வலிக்குது" என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. அங்கிருந்தே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம்.

தோட்டத்துவீடு
இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். பப்பாளி இலைச்சாறு கொடுத்தேன், என் மகளுக்கு இரண்டே நாளில் பிளேட்லெட் ஏறிவிட்டது. நிலவேம்புக் குடிநீரும் கொடுங்கள். வலி மாத்திரை கூடாது என்பது சரி. ஆனால் பாராசிட்டமால் எத்தனை போட்டாலும் ஒன்றும் செய்யாது.

ரத்தப்பரிசோதனை
எந்த நாளில் கொடுத்தீர்கள்? ஆறாம், ஏழாம் நாளென்றால் சாறு கொடுக்காமலும் ஏறியிருக்கும்.

கொங்குத்தமிழ்
தோட்டத்துவீடு சொன்ன கடைசி வரியை யாரும் நம்பாதீர்கள். என் மாமனார் 650 மாத்திரையை நான்கு மணிக்கொரு தரம் போட்டார். கூடவே சளி மாத்திரை, அதற்குள்ளும் பாராசிட்டமால் இருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. கல்லீரல் என்சைம் ஆயிரத்தைத் தாண்டியது. டெங்கு ஏற்கெனவே கல்லீரலைத் தாக்கும். அதனால் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 அல்லது 650, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி, அவ்வளவுதான். கல்லீரல் கோளாறு இருந்தால் அதுவும் டாக்டரைக் கேட்டுத்தான். இடையில் சூடு ஏறினால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள். ஓஆர்எஸ், கஞ்சி, இளநீர் கொடுங்கள். எத்தனை முறை சிறுநீர் போனார் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். ஆறு மணி நேரம் போகவில்லை என்றால் காத்திருக்காதீர்கள்.

வடசென்னைவாசி
எனக்கும் இதே கண்வலிதான். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் தூக்கிப்போடும், மூன்று போர்வை போதாது. வலி மாத்திரை போட்டதும் வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கும், மாத்திரையால்தான் சரியாகிறது என்று பத்து நாள் ஓட்டினேன். கடைசியில் ரத்தப்பூச்சு எடுத்துப் பார்த்தால் வைவாக்ஸ் மலேரியா. 14 நாள் மாத்திரையை ஐந்தாம் நாளே நிறுத்தினேன், இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது. எல்லோரும் டெங்கு டெங்கு என்கிறீர்கள், மலேரியாவுக்கும் பாருங்கள்.

புதுஉறுப்பினர்
அப்பாவுக்கு 67 வயது, ஸ்டென்ட் வைத்திருக்கிறது, தினமும் ஆஸ்பிரின் 75. நேற்றிலிருந்து காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி. ராத்திரி மாத்திரையை நிறுத்தட்டுமா?

தோட்டத்துவீடு
உடனே நிறுத்துங்கள்.

ரத்தப்பரிசோதனை
தம்பி, நீயாக நிறுத்தாதே. தொடரலாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஸ்டென்ட் அடைத்துக்கொள்வதும் ஆபத்து, ரத்தக்கசிவும் ஆபத்து. ஸ்டென்ட் எப்போது வைத்தார்கள், பிளேட்லெட் எவ்வளவு என்று பார்த்து இதய டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போதே கூப்பிடு. டெங்குவைக் காட்டும் என்எஸ்1, ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி இரண்டும் இன்றைக்கே எடு.

புதுஉறுப்பினர்
டாக்டர் போன் எடுக்கவில்லை அண்ணா. காலையில் கூட்டிப்போகிறேன்.

ரத்தப்பரிசோதனை
காலை வரை ஏன்? அவர் பார்க்கிற ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ராத்திரியும் டாக்டர் இருப்பார். மாத்திரைச் சீட்டு, அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்பு.